துக்க வீட்டார் தனிமை வேண்டும்போது

(பிரதோஷ வழிபாட்டிற்குப் பின் திருக்கோயில் வசந்த மண்டபத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருமணம், புதுமனை புகுவிழா போன்ற மங்கல நிகழ்ச்சிகளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் செல்வோம். மரணம் நிகழ்ந்த வீட்டிற்கு எவரும் அழைப்பதில்லை. செய்தி செவியில் விழுந்த அக்கணமே புறப்படுகிறோம். பல்லாண்டுப் பகை இருந்தாலும் அன்று மறந்து, வாசலில் சென்று நிற்கிறோம். நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நல்ல வழக்கம் இது. இதனைக் குறை கூற நான் வரவில்லை.

ஆயினும் அண்மைக் காலமாக, துக்க வீட்டாரே, "தயவுசெய்து இப்போது வர வேண்டாம், எங்களைச் சில நாள் தனியே விடுங்கள்" என்று கேட்பதைக் காண்கிறோம். அவ்வாறு கேட்டால் நமக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. செல்லாவிட்டால் ஊர் பழிக்குமோ என்ற அச்சம் ஒரு புறம். 'நம்மையா வர வேண்டாம் என்கிறார்கள்?' என்ற மனத்தாங்கல் மறுபுறம். அந்த வேளையில் அன்போடு நடந்துகொள்வது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நூல்களில் கற்றதைவிட எங்கள் தெருவில் கற்றதே மிகுதி என்பதையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஓர் ஆசிரியை அம்மையார் வசிக்கிறார். வயது நாற்பத்தாறு இருக்கும். ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்ற அவருடைய கணவர் மாரடைப்பால் வழியிலேயே சாய்ந்து இறைவனடி சேர்ந்தார். அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் தெருவே அவ்வீட்டில்தான் இருந்தது. வந்தவர் அனைவரையும் அம்மையார் எதிர்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவரே ஒரு செய்தி இட்டார். "அனைவருக்கும் நன்றி. இனி யாரையும் சந்திக்கும் நிலையில் நான் இல்லை. பதினாறாம் நாள் காரியத்திற்கு வாருங்கள். அதுவரை எங்களைத் தனியாக இருக்க விடுங்கள். அவசரத்திற்கு என் தங்கையை அழையுங்கள்" என்பதே அச்செய்தி. தங்கையின் எண்ணையும் கொடுத்திருந்தார்.

தெருவில் சலசலப்பு எழுந்தது. "படித்தவள் அல்லவா, அதனால்தான் கதவை அடைக்கிறாள்" என்றார் ஒருவர். "வெளியூரிலிருந்து என் நாத்தனார் வருகிறாள்; அவளை எப்படித் திருப்பி அனுப்புவது?" என்றார் மற்றொருவர். "நாங்கள் என்ன அந்நியரா? எங்களைச் சொல்லியிருக்க மாட்டாள்" என்று கூறி இருவர் சென்று கதவைத் தட்டவும் செய்தனர். கதவு திறந்தது. அம்மையார் எழுந்து வந்தார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து, "போனோம், நன்றாகத்தானே பேசினாள்" என்றனர்.

இதைக் கேட்டபோது எனக்குத் திங்களூர் அப்பூதி அடிகளின் வரலாறு நினைவிற்கு வந்தது. பெரியபுராணத்தில் தாங்கள் அனைவரும் கேட்டறிந்ததுதான். திருநாவுக்கரசர் தம் இல்லத்தில் அமுது செய்ய எழுந்தருளியிருக்கிறார். வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அப்பிள்ளை உயிர் நீத்த நிலையிலும், பெற்றோர் அவனுடலை மறைத்து வைத்துவிட்டு, அழுகையையும் அடக்கிக்கொண்டு, விருந்தினருக்கு இலை போடுகின்றனர். வந்தவர் மனம் கோணக்கூடாதே என்பதுதான் அவர்களுடைய கவலை. அடியாரிடம் அவர்கள் கொண்ட அன்பின் பெருமையைக் காட்டவே அந்த வரலாறு சொல்லப்படுகிறது. அதில் நாம் காண வேண்டியது இன்னொன்றும் உண்டு. விருந்தோம்பிப் பழகிய கைகள் எத்துயரிலும் விருந்தோம்பவே முற்படும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கூடப் பரிமாற நிற்பாள். ஆகவே நாம் உள்ளே சென்றபோது அவர் நன்றாகப் பேசினார் என்பதைக் கொண்டு, நம் வரவு அவருக்கு இதமாக இருந்தது என்று முடிவு கட்டலாகாது. திருநாவுக்கரசர் திருநீறு அளிக்கும்போது பிள்ளையைக் காணாமல் வினவினார். உண்மை அறிந்தபின் உணவு கொள்ளாமல் எழுந்தார். நாமோ நாற்காலியில் அமர்ந்து தண்ணீரும் அருந்திவிட்டு வருகிறோம்.

வருவோர் கேட்கும் முதல் கேள்வி எது? "எப்படி நடந்தது?" என்பதே. கேட்பவருக்கு அது ஒரு முறை. சொல்பவருக்கோ வந்தவர் எத்தனை பேரோ அத்தனை முறை. கணவர் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு புறப்பட்டதிலிருந்து, கைப்பேசியில் எவரோ அழைத்தது, மருத்துவமனைக்கு ஓடியது வரை அம்மையார் மூன்று நாட்களில் ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். "முன்னமே மார்வலி இருந்ததா? டாக்டரிடம் காட்டவில்லையா?" என்று கேட்டவர்களும் உண்டு. அக்கேள்விக்குள் 'நீ கவனித்திருக்கலாமே' என்ற பழி மறைந்திருப்பதைக் கேட்டவர் உணர்ந்திருக்க மாட்டார். பூவும் பொட்டும் அகற்றும் சடங்கு தமக்கு வேண்டாம் என்று அம்மையார் முன்னரே முடிவு செய்திருந்தாராம். அது பற்றி வந்தவர் சிலர் மகளின் எதிரிலேயே வாதிட்டதும் கதவை அடைத்ததற்கு ஒரு காரணம் என்று பின்னர் அறிந்தோம்.

செய்தியைக் கண்டதும் மறுமொழி எழுத நான் கைப்பேசியை எடுத்தேன். தமிழாசிரியன் அல்லவா, சற்று நீளமாகவே எழுதிவிட்டேன். "எப்படி இருக்கிறீர்கள்? தங்கள் செய்தி கண்டு நாங்கள் எல்லோரும் மிகவும் கலங்கிப் போனோம். எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள். மாலையில் நானும் என் மனைவியும் ஒரே ஒரு நிமிடம் வந்து பார்த்துவிட்டுச் செல்கிறோம்." அனுப்புவதற்கு முன் என் இல்லாளிடம் படித்துக் காட்டினேன். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நான்கு வாக்கியங்களையும் அடிக்கச் சொன்னார்.

"எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவள் ஒரு பதில் எழுத வேண்டும். என்ன எழுதுவாள்? நாம் கலங்கிப் போனோம் என்றால், அவள் நம்மைத் தேற்ற வேண்டும். எது வேண்டுமானாலும் கேள் என்றால், தனக்கு என்ன வேண்டும் என்று அவளே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசித்தாலும் வாய்விட்டுக் கேட்பாளா? கடைசியில், வராதே என்றவளிடம் வருகிறேன் என்கிறீர்கள்" என்றார். எனக்கு மறுமொழி இல்லை. பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன்.

"சரிம்மா. நாங்கள் வரவில்லை. நாளை காலை ஏழு மணிக்கு உங்கள் இருவருக்கும் இட்லி, வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். மணி அடிக்க மாட்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம்."

இதில் முதல் சொல்லைக் கவனியுங்கள். 'சரி' என்ற சொல். தனிமை வேண்டியவர் முதலில் கேட்க விரும்புவது அந்த ஒரு சொல்லைத்தான். காரணம் கேட்கவில்லை; 'உங்கள் நிலை புரிகிறது' என்று விளக்கவும் இல்லை. உதவி ஒன்றே ஒன்று, நேரமும் இடமும் குறித்து. வேண்டாமென்றால் மறுப்பதும் எளிது. பதில் வேண்டாம் என்ற கடைசி வரியும் மிக இன்றியமையாதது. அது இல்லாவிட்டால், பதில் எழுதாத கடன் ஒன்று அவர் தலைமேல் ஏறும். அவ்வாறு ஐம்பது பேருடைய கடன் ஏறினால் கைப்பேசியைத் தொடவே மனம் அஞ்சும்.

திண்ணையில் வைப்பதற்கு முன் தங்கையை ஒரு முறை அழைத்துக் கேட்டுக்கொண்டோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பது நம் பழைய வழக்கமே. ஆனால் அனைவரும் ஒரே நாளில் கொடுத்து, அனைத்தும் வீணாவதும் வழக்கமாகிவிட்டது. தங்கை சொன்னார்: "இரவுக்கு ஆள் இருக்கிறார்கள், காலைதான் இல்லை, அக்கா காரம் சாப்பிடுவதில்லை, பாப்பாவுக்கு ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து." இம்மூன்று விவரமும் போதுமானதாக இருந்தது.

பாத்திரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூக்குப் பாத்திரத்தில் கொடுத்தால் அதனைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். நம் பெண்கள் பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையேனும் இட்டுத் தருவார்கள். துக்கத்தில் இருப்பவளுக்கு அந்த வேலையும் நாமே வைக்கிறோம். ஆகவே வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, ஒரு துணிப்பையில் வைத்தோம். பையும் திரும்பி வர வேண்டாமென்று தங்கையிடம் சொல்லிவிட்டோம். சிறிய செய்திதான். ஆனால் உதவி என்ற பெயரில் சுமை ஏற்றுகிறோமா என்பதை இத்தகைய சிறிய செய்திகளில்தான் அறிந்துகொள்ள முடிகிறது.

எனக்கு வேறொரு பணி கிடைத்தது. இறப்பை இருபத்தொரு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. அதன்பின் வங்கிக்கும் அலுவலகத்திற்கும் இறப்புச் சான்றிதழின் படிகள் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றிற்கெல்லாம் அம்மையார் கையொப்பம் இட வேண்டிய இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். மாலையில் கையொப்பத்தோடு வந்தது. அந்தப் பதினாறு நாட்களில் நான் அம்மையாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு நாள் மட்டும் எங்கள் மனம் குழம்பியது. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அம்மையார் தம் பள்ளித் தோழி ஒருவரை அழைத்து வெகுநேரம் வாசலில் நின்று பேசியதைத் தெருவார் பார்த்துவிட்டனர். ஒருமுறை சிரிக்கவும் செய்தாராம். "எங்களை வராதே என்றாளே, இவள் மட்டும் எப்படி?" என்ற பேச்சு கிளம்பியது. துயரத்தின் இயல்பை அறிந்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நெதர்லாந்து நாட்டில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்னும் இருவர் 1999-இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். இழந்தவர் மனம் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒரு வேளை இழப்பையே எண்ணி அதில் மூழ்கும். மறு வேளை அதனைச் சற்றே விலக்கி வைத்து, நாளைய வேலைகளையும் புதிய வாழ்க்கையையும் நோக்கும். இவ்விரண்டிற்கும் இடையே ஊசலாடுவதே இயல்பு என்பது அவர்கள் கருத்து. ஊஞ்சல் எந்தப் பக்கம் இருக்கும்போது நாம் கதவைத் தட்டுவோம் என்பது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. காலையில் தோழியோடு சிரித்தவர் மாலையில் எவரையும் காண மறுப்பதில் பொய் ஏதுமில்லை. அந்தத் தோழி வேறெந்தத் தோழியைவிடவும் உயர்ந்தவர் என்பதும் அதன் பொருளன்று. அவரிடம் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிராமல் இருந்திருக்கலாம், அவ்வளவே.

இவ்வளவும் சொன்ன நான், இதற்கு நேர்மாறான பிழையையும் செய்தவன். அதனை மறைப்பது முறையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் தம் இளம் மகனை விபத்தில் இழந்தார். நான் சென்றபோது, "கொஞ்ச நாள் என்னை விட்டுவிடுங்கள் ஐயா" என்றார். நான் திரும்பி வந்தேன். வர வேண்டாம் என்றாரே என்று பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. மாதங்கள் சென்றன. 'அவரே அழைப்பார், அப்போது போகலாம்' என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் முகத்தைக் காண எனக்கு அச்சமாக இருந்தது; அவர் கேட்ட தனிமை அதற்கு வசதியாகப் போயிற்று. ஓராண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் தற்செயலாகக் கண்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒரு கார்டாவது போட்டிருக்கலாமே ஐயா" என்றார். அந்தக் காலத்தில் அஞ்சலட்டையின் விலை ஐம்பது காசு.

தனிமை கேட்டவர் நம்மைத் துறக்கவில்லை. இதனை நான் அறிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று. ஆகவே ஆசிரியை அம்மையார் விஷயத்தில் நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். பதினாறாம் நாள் காரியத்திற்கு, அவர் வரச் சொல்லியிருந்ததால் சென்றோம், கைகூப்பினோம், 'போய் வருகிறோம்' என்று சொல்லாமல், வழக்கப்படியே பேசாது திரும்பினோம். அதன்பின் மாதம் ஒரு முறை, அவர் கணவர் மறைந்த தேதியில், என் இல்லாள் இரண்டு வரிச் செய்தி அனுப்புவார். "இன்று உங்களையும் தம்பியையும் நினைத்துக்கொண்டோம். பதில் வேண்டாம்மா." இவ்வளவுதான். பதினாறாம் நாளோடு உறவினர் கூட்டம் கலைந்துவிடும். அதன்பிறகுதான் வீடு உண்மையில் வெறுமையாகும். முதல் தீபாவளி, பிறந்த நாள், திருமண நாள், பிள்ளையின் தேர்வு முடிவு நாள் ஆகியவை எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும். எனவே முதல் வாரத்தில் பத்து முறை விசாரிப்பதைவிட மூன்றாம் மாதத்தில் ஒரு முறை நினைப்பது மேல் என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தனிமை வேண்டும் என்ற சொல்லுக்கு எல்லையும் உண்டு. கதவை அடைத்தவர் உள்ளே உண்கிறாரா, சிறிதேனும் உறங்குகிறாரா, தம்மைச் சார்ந்த பிள்ளைகளைக் கவனிக்கிறாரா, நெருங்கிய ஒருவரிடமாவது பேசுகிறாரா என்பதை அறிந்திருக்க வேண்டும். அதனை அறியத் தெருவே உள்ளே நுழைய வேண்டியதில்லை; தங்கையைப் போன்ற ஒருவரைக் கேட்டால் போதும். அம்மையார் அழுதார், சில நாள் பேசாதிருந்தார், உணவைக் குறைத்தார். ஆயினும் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினார். ஆகவே நாங்கள் அஞ்சவில்லை. மாறாக, ஒருவர் பல நாட்கள் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், எவருடைய அழைப்பையும் எடுக்காவிட்டால், குடியில் மூழ்கினால், 'நானும் அவரோடே போய்விடுகிறேன்' என்ற வகையில் பேசினால், அப்போது 'தனிமை கேட்டாரே' என்று ஒதுங்கி நிற்பது பிழை. நெருங்கிய உறவினர் ஒருவர் உடனே உள்ளே செல்ல வேண்டும். அவரைத் தனியே விடலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அங்ஙனம் சென்று, அவர் கோபித்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

வெளியூரிலிருந்து வந்த நாத்தனாரைப் பற்றி முன்னர் சொன்னேன் அல்லவா? அந்த அம்மையாரும் நல்லவரே. நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்துவிட்டார். தங்கையை அழைத்துக் கேட்டனர். "அக்கா உறங்குகிறார்; வந்ததாகச் சொல்கிறேன்" என்றார் தங்கை. வந்தவர் முகம் சற்று வாடியது. பின்னர் ஒரு தாளில் தம் பெயரையும் ஊரையும் எழுதி, "உன் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுத் திருமணத்தில் பந்தி பரிமாறியதை மறக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்து, தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார். அந்தத் தாளை அம்மையார் இன்றும் பூசையறையில் வைத்திருக்கிறார். நேரில் வந்து பேசியவர்கள் சொன்னவற்றில் எதுவும் தமக்கு நினைவில் இல்லை என்று அவரே ஒரு நாள் சொன்னார்.

மூன்று மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மையார் முதன்முறையாக இத்திருக்கோயிலுக்கு வந்தார். அம்பாள் சந்நிதியில் நல்ல கூட்டம். அவரைக் கண்டதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொள்ள அடியெடுத்து வைத்ததை நான் பார்த்தேன். என் இல்லாள் அவர்களை முந்திச் சென்றார். ஆனால் பேசச் செல்லவில்லை. அம்மையாருக்கும் அவர்களுக்கும் இடையில் போய் நின்று, அம்பாளைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டார். தீபாராதனை முடியும் வரை எவரும் அருகே வர இயலவில்லை. திருநீறும் குங்குமமும் பெற்றுக்கொண்டு திரும்பியபோது அம்மையார் எங்களைக் கண்டார். நாங்கள் தலையசைத்தோம். அவர் பிரகாரத்தில் சிறிது தூரம் சென்று, மீண்டும் வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்கம்மா. ஐயாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சென்றோம். காபி கொடுத்தார். என் இல்லாள் டம்ளரைக் கழுவி வைக்கப் போனபோது, "வையுங்கம்மா, நான் கழுவிக்கிறேன்" என்றார். பிறகு அவராகவே, நாங்கள் கேட்காமலேயே, அன்று காலை என்ன நடந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வணக்கம். திருச்சிற்றம்பலம்.